06/07

அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை. 2023 மே மாதக் கடைசியில் அமெரிக்க பையருக்குப் போனது. விஷயம் ஒரே வரிதான்: திருத்திய எக்ஸ்-ஃபேக்டரி தேதி 06/07/2023. சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் தேதி அது. நாங்கள் சொன்னது ஜூலை 6. அவர்கள் படித்தது ஜூன் 7.

திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் வேலையில் இருக்கும் யாரிடம் கேட்டாலும் அமெரிக்காக்காரர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் தெரியும். அந்த பையர் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டரில் டெலிவரி 06/10/2023 என்று இருந்ததை நான்தான் ஜூன் 10 என்று புரிந்துகொண்டு, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று குறித்து வைக்கும் எங்கள் டி அண்ட் ஏ ஷீட்டில் 10/06/2023 என்று மாற்றிப் போட்டேன். அதாவது அவர்கள் எழுதுவதை அவர்கள் முறைப்படி படித்துவிட்டு, நான் எழுதும்போது மட்டும் என் முறைப்படி எழுதியிருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

டையிங்கில் ஷேடு இரண்டு முறை ஃபெயில் ஆகி, ஆர்டர் 26 நாள் தள்ளிப்போனது. அதை பையருக்குச் சொல்ல வேண்டும். மெயிலைத் தட்டி வைத்தது எனக்குக் கீழே இருந்த தம்பி, வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். "மாசத்தை எழுத்துலயே போட்டுரட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். நான் வேறொரு ஸ்டைலின் டிரிம்ஸ் பிரச்சனையில் இருந்தேன். "எப்பவும் இப்படித்தான் போடுறோம், அவங்களுக்குத் தெரியும், அனுப்பு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு, பத்து நொடி கூட இருக்காது. அதைத்தான் இத்தனை நாளாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எப்பவும் இப்படித்தான் போடுகிறோம் என்று நான் சொன்னது பொய்யில்லை. அந்த பையருக்கு அதற்கு முன் போன மெயில்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். 25/04, 18/05, 22/05 என்று போயிருந்தன. எதிலும் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் 12க்கு மேல் மாதம் கிடையாது. 25/04 என்பதை எந்த நாட்டுக்காரரும் ஒரே மாதிரிதான் படிக்க முடியும். ஒரு வருடத்தில் நாளும் மாதமும் இரண்டுமே 12க்குள் வரும் தேதிகள் 144. அதில் 01/01, 02/02 போன்ற 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாட்கள் மாட்டிவிடக்கூடியவை. எல்லாம் மாதத்தின் முதல் 12 நாட்களில் வருபவை. மாதக் கடைசியில் எழுதியே பழகினால் இந்த முறை சரியாகத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

அப்புறம் ஒரு விஷயம், அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மெயிலில் தாமதத்துக்கான காரணம் எதுவும் இல்லை. ஷேடு ஃபெயில் என்று எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும், தேதியை மட்டும் போடு, கேட்டால் சொல்லிக்கலாம் என்று தம்பியிடம் சொன்னது நான்தான். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் "டையிங் தாமதத்தால் நான்கு வாரம் தள்ளிப்போகிறது" என்று ஒரு வரி இருந்திருந்தால், 06/07 என்று எழுதியிருந்தாலும் அவர்களால் அதை ஜூன் 7 என்று படித்திருக்க முடியாது. ஜூன் 10ல் தர வேண்டிய சரக்கை மூன்று நாள் முன்னாலேயே தருகிறோம் என்றுதான் எங்கள் மெயில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மறுநாள் காலையிலேயே "நோட்டட், தேங்க்ஸ்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 26 நாள் தாமதத்தை எந்த பையரும் இரண்டு வார்த்தையில் ஏற்றுக்கொள்ள மாட்டார். குறைந்தபட்சம் தள்ளுபடியாவது கேட்பார். அன்று நான் பெருமூச்சு விட்டேன். நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தேன். உண்மையிலேயே சந்தேகம் வரவில்லையா, வந்ததை உள்ளே தள்ளிவிட்டேனா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 8ஆம் தேதி அவர்களுக்காகக் கப்பல் ஏற்பாடு பார்க்கும் ஃபார்வர்டர் கேட்டார்: சரக்கு தூத்துக்குடிக்கு இன்னும் வரவில்லையே, கப்பலில் இடம் போட்டிருக்கிறோம். அன்றைக்குத் துணி டையிங்கிலேயே இருந்தது. மூன்றில் ஒரு பங்கை ராப்பகலாக முடித்து எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். மீதி கப்பலில் போனது, அதற்குத் தள்ளுபடியும் கொடுத்தோம். அந்த சீசனில் அந்த ஸ்டைலில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொரு குழப்பமும் நடுவில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மெயிலோடு டி அண்ட் ஏ ஷீட்டும் போயிருந்தது, அதில் தேதி சரியாகத்தான் இருந்தது. எக்செலில் தேதியாக உள்ளிட்ட செல்லில் அது ஒரு எண்ணாகத்தான் இருக்கும். ஜூலை 6, 2023 என்றால் உள்ளே 45113. வழக்கமான தேதி வடிவத்தையே விட்டிருந்தால், திறக்கும் கம்ப்யூட்டரின் நாட்டு அமைப்புப்படி அது காட்டும். என் திரையில் 06/07/2023, அவர்கள் திரையில் அதே செல் 7/6/2023. ஆக, அவர்கள் ஊரில் ஷீட் ஜூலை 6 என்கிறது, மெயில் ஜூன் 7 என்கிறது. மெயில்தான் புதுசு, ஷீட் பழசாக இருக்கும் என்று நினைத்து மெயிலை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு நடந்த பிறகு அவர்களிடமிருந்து "உங்கள் இரண்டு தேதியும் ஒத்துப்போகவில்லை" என்று வந்தபோது, என் திரையில் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால், அவர்கள் சாக்கு சொல்வதாக நினைத்து காட்டமாக ஒரு பதில் தட்டினேன். அது போய்விட்டது.

சி.எஸ்.வி. ஃபைல் இதைவிட மோசம். அதில் எண் கிடையாது, வெறும் எழுத்து. அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செலில் திறந்தால் 06/07/2023 சத்தமில்லாமல் ஜூன் 7 ஆகிவிடும். 13/07/2023 தேதியாகவே மாறாமல் எழுத்தாக நின்றுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலது பக்கம் ஒட்டியும் சில இடது பக்கம் ஒட்டியும் நின்றால், வலது பக்கம் இருப்பவைதான் மாறிப்போனவை. பார்த்தால் இடது பக்கம் இருப்பதுதான் கெட்டுப்போன மாதிரி இருக்கும், நானும் முதலில் அதைத்தான் திருத்தப் போனேன்.

இப்போது மெயிலில் Thu 06-Jul-2023 என்று போடுகிறோம். மாதம் எழுத்தில் இருப்பது முக்கியம்தான், ஆனால் எனக்கு அதைவிடக் கிழமைமேல் நம்பிக்கை அதிகம். ஜூலை 6 வியாழன், ஜூன் 7 புதன். ஒன்றைத் தப்பாகத் தட்டினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும், யாராவது ஒருவர் காலண்டரைப் பார்த்து "வியாழனா, புதனா?" என்று கேட்பார். ஃபைலுக்குள் மட்டும் 2023-07-06. வருடம் முதலில் வந்தால் அடுத்தது மாதம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், 1988லிருந்தே ISO 8601 என்று இதற்கு ஒரு தரம் இருக்கிறது. வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும். ஃபைலில் மாதத்தின் பெயரைப் போடாததற்கும் காரணம் இருக்கிறது: ஜெர்மன்காரர்களுக்கு டிசம்பர் Dez, அவர்கள் எக்செலுக்கு Dec என்றால் புரியும் என்று நம்ப முடியாது.

நேரத்திலும் இதே கதைதான். வெள்ளி இரவு 12 மணிக்குள் ஆவணம் வேண்டும் என்றால் எந்த இரவு, வியாழன் முடியும் இரவா, வெள்ளி முடியும் இரவா? 23:59 என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஃபோன் காலுக்கு நேரம் போடும்போது IST என்று மட்டும் எழுதுவதில்லை, இஸ்ரேலிலும் அயர்லாந்திலும் அந்த மூன்று எழுத்துக்கு வேறு நேரம். 18:30 இந்தியா, 09:00 நியூயார்க் என்று இரண்டு ஊரையும் போடுகிறேன். அதுவும் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான், அப்புறம் நம்முடைய 18:30 அங்கே காலை 8 ஆகிவிடும்.

இதெல்லாம் தெரிந்தால் போதும் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உறுத்துவது இது இல்லை.

முதலாளி கூப்பிட்டு "அந்த மெயில் யார் போட்டது?" என்று கேட்டார். நான் "தம்பிதானுங்க அனுப்புனான்" என்றேன். உண்மைதான், அனுப்பியது அவன்தான், அவன் ஐ.டி.யிலிருந்துதான் போயிருந்தது. அவன் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி "இனிமே மாசத்தை எழுத்துல போடு" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் "சரிங்க" என்றான்.

அன்றைக்கு நான் நடந்ததைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் வேலை போயிருக்காது, பதினான்கு வருடமாக இருக்கிறேன். திட்டு விழுந்திருக்கும். அவனுக்கும் அன்று திட்டுகூட விழவில்லையே, அப்புறம் இதில் என்ன நஷ்டம் என்று சில நாள் தோன்றும். அடுத்த ஷிப்மென்டிலிருந்து பையர் மெயிலை அவன் தட்டவே இல்லை, நானே தட்டினேன். அவன் சாம்பிள் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அங்கே சம்பளம் அதிகம் என்று சொன்னான், அது உண்மையாகவும் இருக்கலாம்.

போகிற அன்று அவன் கொடுத்த ஹேண்டோவர் ஷீட் என்னிடம் இருக்கிறது. நாற்பது வரிக்கு மேல், பாக்கி இருந்த ஒவ்வொரு சாம்பிளுக்கும் எதிரில் கிழமை, நாள், எழுத்தில் மாதம், வருடம். என்னிடம் கொடுக்கும்போது, "எல்லாம் சரியா இருக்குங்களாண்ணா, ஒருக்கா பாத்துருங்க" என்றான். பார்த்தேன். சரியாக இருந்தது.