உறவுன்னு நெனைக்கல மேடம்

"படிவத்தில் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே டீச்சர்?" என்று கேட்டேன். "பேச்சு வார்த்தையே இல்ல மேடம். உறவுன்னு நெனைக்கல" என்றார்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு நாள், காலை 9.35 மணி. எந்த அறையை யார் கண்காணிப்பது என்ற குலுக்கல் முடிந்து, அவர் 11-ஆம் அறைக்கான சீட்டை எடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விடைத்தாள் கட்டையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். வராந்தாவில் நின்று, மாணவர் படம் உள்ள முகப்புத் தாள்களை இருபது இருக்கிறதா என்று எண்ணும்போது ஒரு புகைப்படத்தில் கண் நின்றுவிட்டது. கணவருடைய அண்ணன் மகன். பாகப் பிரிவினையில் இரண்டு குடும்பமும் பிரிந்து ஆறு வருடம் ஆகிவிட்டதாம். பையன் எந்தப் பள்ளிக்கு மாறினான் என்பதே தெரியாதாம். கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

நான் அந்த மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் அடுத்த ஐந்து நிமிடங்களில் நான் செய்ததை இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்த டீச்சர் சொன்னது பொய் இல்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். தேர்வுக்கு முந்தைய கூட்டத்தில் உறுதிமொழிப் படிவம் கை மாறிக் கை மாறி வரும். "இம்மையத்தில் எனது நெருங்கிய உறவினர் எவரும் தேர்வு எழுதவில்லை" என்ற ஒரு வரிக்குக் கீழே எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நெருங்கிய என்றால் எதுவரை? பெற்ற பிள்ளை, உடன்பிறந்தவர் பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்றுவிட்ட தம்பி? சம்பந்தி வீட்டுப் பெண்? எங்கள் ஊர் மாதிரி இடத்தில் முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் பாதி மையம் காலியாகிவிடும். அதனால் படிவத்தை நீட்டும்போது நானும் விளக்கியதில்லை. ஒவ்வொருவரும் தன் மனதில் யார் உறவோ அவர்களை மட்டும் நினைத்துக் கையெழுத்திட்டார்கள். அவர் மனதில் அந்தப் பையன் இல்லை.

ஆனால் விதி மனதைக் கேட்பதில்லை. அது கேட்காமல் இருப்பதும் சரிதான். உறவு என்றால் உதவி செய்வார்கள் என்ற பயத்தில் எழுதப்பட்ட விதி அது. பகையான உறவு அதைவிடச் சிக்கலானது. அந்த அறையில் அந்தப் பையன் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்தான் என்று வையுங்கள். டீச்சர் பிடித்தால் பழிவாங்கினார் என்பார்கள். பிடிக்காவிட்டால் சொந்தம் என்று விட்டுவிட்டார் என்பார்கள். இரண்டு பக்கமும் அவர் பேச்சை நம்ப ஆள் இருக்காது. பையனுக்கும்தான் என்ன நிலைமை? பேசாத சித்தி வகுப்பறைக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிடம் வினாத்தாள் கண்ணில் ஏறுமா?

திருத்தும் முகாமில் இந்தப் பிரச்சினை இல்லை. பெயரும் படமும் உள்ள பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் தாள் திருத்துபவரிடம் போகும். யாருடைய தாள் என்று தெரியாது. தேர்வு அறையில் முகத்தை மறைக்க வழி இல்லை. அதனால்தான் இங்கே ஆளை மாற்ற வேண்டியிருக்கிறது. கண்காணிப்பாளர் பெரிதாக எதையும் செய்ய வேண்டும் என்றும் இல்லை. கணிதத்தில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. நடந்து போகிறபோது மேசையில் ஒரு விரல் சற்று நின்றால் போதும். தேர்ச்சி மதிப்பெண் 35 என்னும்போது 14 சின்ன எண்ணிக்கை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிற பறக்கும் படைக்கு அது தெரியவே தெரியாது.

சரி, என் மேசைக்கு வருகிறேன். மணி 9.40 ஆகிவிட்டது. 9.55-க்குள் எல்லா அறைக்கும் வினாத்தாள் உறை போய்ச் சேர வேண்டும். பத்து மணிக்கு இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி உறையைப் பிரிக்க வேண்டும். என்னிடம் இரண்டு ரிசர்வ் ஆசிரியர்கள் இருந்தார்கள். 6-ஆம் அறைக்கு வர வேண்டியவரின் பஸ் வரவில்லை என்பதால் ஒருவரை அங்கே அனுப்பிவிட்டேன். மீதி ஒருவர். மூன்று மணி நேரத் தேர்வில் யாருக்காவது தலை சுற்றினால் கைவசம் ஆள் வேண்டுமே என்று அவரைத் தொட மனம் வரவில்லை.

அப்போது அந்த டீச்சரே சொன்னார்: "4-ஆம் ரூம்ல எங்க ஸ்கூல் தமிழ் டீச்சர் இருக்காங்க மேடம். அவங்களோட மாத்திக்கிறேன்."

நான் "சரி, சீக்கிரம் போங்க" என்றேன்.

இந்த மூன்று வார்த்தையில்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். துறை அலுவலர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், மணியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குலுக்கல் பதிவேட்டில் 11-க்கும் 4-க்கும் எதிரே அடித்துத் திருத்தி, "நிர்வாகக் காரணம்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. 1.15-க்கு மணி அடித்தது, தாள்கள் எண்ணிக்கை சரியாக இருந்தது, கட்டுகள் போயின. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பையனின் அறைக்குள் யார் போக வேண்டும் என்பதை, எந்த டீச்சர் போகக் கூடாதோ அந்த டீச்சரையே முடிவு செய்ய விட்டிருக்கிறேன். அதுவும் அவருடைய சொந்தப் பள்ளியில் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிற சிநேகிதி. உள்ளபடியே பையனுக்கு உதவ நினைக்கிற ஒருவர் வந்திருந்தாலும் இதே வார்த்தைகளைத்தானே சொல்லியிருப்பார்? தானே வந்து சொல்லி நல்ல பெயரும் வாங்கி, வேண்டிய ஆளையும் உள்ளே அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் 9.40 மணிக்கு அவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆளைப் பார்த்து நம்புகிற வேலையை நம்மிடமிருந்து எடுத்துவிடத்தானே சீட்டுப் போடுகிறோம்.

செய்ய வேண்டியது என்னவென்று இப்போது சொல்வது சுலபம். மீதி இருந்த ரிசர்வை 11-க்கு அனுப்பி, அவரை என் அறையில் உட்கார வைத்திருக்க வேண்டும். இல்லை, நேரம் இருந்தால் அவரைத் தவிர மற்றவர்களின் அறை எண்களைத் திரும்பச் சீட்டுப் போட்டு ஒருவரை எடுத்திருக்க வேண்டும். எதுவானாலும் மாற்று ஆளை அவர் வாய் சொல்லியிருக்கக் கூடாது. பதிவேட்டிலும் உறவினர் இருந்ததால் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்க வேண்டும். நிர்வாகக் காரணம் என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அறையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்ததே தப்பு. பத்தாம் வகுப்பில் மாணவர்கள் எல்லாத் தேர்வுக்கும் பெரும்பாலும் அதே அறையில்தான் உட்காருவார்கள். எங்கள் மையத்தில் 16 அறை. அந்த டீச்சர் அறிவியல் ஆசிரியை, அறிவியல் தேர்வன்று அவருக்குப் பணி கிடையாது, மீதி நான்கு நாள். ஒருவருக்கு ஒரே அறை இரண்டாம் முறை விழாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அப்படியானால் நான்கில் ஒரு நாளாவது 11-ஆம் அறை அவருக்கு விழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எப்போதாவது நடக்கிற விஷயம் என்று ஒதுக்க முடியாத அளவு. ஒவ்வொரு நாளும் அவர் சீட்டு எடுக்கும் முன் நான் 11-ஐப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டால் அதற்குப் பெயர் குலுக்கலே இல்லை. அதனால்தான் விதி, அறையில் அல்ல, மையத்திலேயே உறவினர் இருக்கக் கூடாது என்கிறது. இத்தனை வருடம் கையெழுத்து வாங்கியும் இந்தக் கணக்கை நான் அன்று இரவுதான் போட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இன்னாருடைய உறவினர் இம்மையத்தில் தேர்வு எழுதுகிறார், எனவே வேறு மையத்துக்கு மாற்றக் கேட்டுக்கொள்கிறேன் என்று. உறுதிமொழிப் படிவத்தின் நகலையும் இணைத்தேன். இணைக்காமல் இருந்திருக்கலாமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இணைக்காவிட்டால் பிறகு என்னைக் கேட்பார்கள் என்பதும் உண்மைதான். அவரை அடுத்த தேர்வுக்கே மாற்றிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் தவறான உறுதிமொழி அளித்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போனது.

என் கடிதத்தின் அலுவலக நகல் ரொம்ப நாள் என்னிடம் இருந்தது. அதில் கணிதத் தேர்வு நாள் பற்றி ஒரே வரிதான். "உடனடியாக மாற்று அறைக் கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார்." பொய் ஒன்றும் இல்லை. யார் சொல்லி அமர்த்தப்பட்டார் என்று மட்டும் அதில் இல்லை. அவர் படிவத்தில் விட்டது ஓர் உறவை, நான் கடிதத்தில் விட்டது ஒரு வாக்கியத்தை. அவருக்கு மெமோ வந்தது. எனக்கு வரவில்லை.

அதற்கடுத்த வருடம் கூட்டத்தில் படிவத்தை நீட்டும் முன் நானே எழுந்து சொன்னேன்: கணவர் வீட்டு ஆளும் கணக்கில் வரும், பேச்சு இல்லாத உறவும் உறவுதான், சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாமல் என்னிடம் வாருங்கள் என்று. மூன்று பேர் பேனாவை மூடிவிட்டு வந்தார்கள். மூவருக்கும் முன்கூட்டியே மாற்றம் கேட்டு வாங்கினேன். அப்படிச் செய்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அன்று நடந்ததை அதனால் சரிசெய்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

அந்த டீச்சரைக் கடைசியாக ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில் பார்த்தேன். மதிய இடைவேளையில் அவரே வந்து நலம் விசாரித்தார். மெமோவைப் பற்றி நான் தான் பேச்செடுத்தேன். விளக்கம் கொடுத்ததும் முடித்துவிட்டார்கள் என்றார். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "அன்னைக்கு நான் எதுவும் சொல்லாம அந்த ரூமுக்குப் போயிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் என் கடிதத்தில் விட்ட வரியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அவர் தன் மேசைக்கும் நான் என் மேசைக்கும் போய்விட்டோம்.