இயந்திரத்துக்குப் பணமில்லை, பங்கு: ஒரு கோப்பு முடிந்த விதம்

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். செங்குத்து சி.என்.சி. மெஷினிங் சென்டர் ஒன்று தேவை, கையில் பணம் இல்லை. விற்பவருக்கோ இந்த நிறுவனத்தின் மேல் நம்பிக்கை உண்டு. விலைக்குப் பதிலாகப் பங்கு தந்தால் போதும் என்றார். அந்தக் கோப்பு எங்கள் கையில் தொடங்கி, பங்கு ஒதுக்கீட்டைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் PAS-3 படிவம் ஏற்கப்படும் வரை போன வழியை எழுதுகிறேன். எண்களைப் பின்தொடர எளிதாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

விற்பவரின் கொட்டேஷன் 40 லட்சம். ஒதுக்க நினைத்தது 10 ரூபாய் முக மதிப்புள்ள 80,000 பங்குகள். ஒப்பந்த வரைவில் இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பலர் இங்கேதான் சறுக்குவார்கள். ஒருவர் இயந்திரத்தை 40 லட்சத்துக்கு ஏற்றிவிடுவார். இன்னொருவர் "பங்கு மூலதனம் 8 லட்சம்தானே கூடுகிறது" என்று 8 லட்சத்தோடு நிறுத்திவிடுவார். இரண்டும் தப்பு. கொட்டேஷன் என்பது பேரம் தொடங்கும் விலை. முக மதிப்பு என்பது பங்கின் மேல் அச்சிட்ட எண். இயந்திரத்தின் மதிப்பைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்வதில்லை.

அதனால் முதல் வேலை மதிப்பீடு. இங்கே தேவைப்படுவது ஒன்றல்ல, இரண்டு அறிக்கைகள். இயந்திரத்தின் மதிப்புக்கு ஒன்று, பங்கின் விலைக்கு ஒன்று. இரண்டையும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்தான் தர வேண்டும். அதிலும் பிரிவு பார்க்க வேண்டும். பங்குகளை மதிப்பிடப் பதிவு செய்தவரால் ஆலை, இயந்திரங்களுக்கு அறிக்கை தர முடியாது. அதற்குத் தனிப் பதிவு. தெரிந்த ஆடிட்டரிடமே இரண்டையும் வாங்கி வைத்த கோப்புகள் பின்னால் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறோம். பதிவு எண்ணை வாங்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள்.

இயந்திர மதிப்பீட்டாளர் 36 லட்சம் என்றார். கொட்டேஷனை விட 4 லட்சம் குறைவு. ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு இதே மாடல் இதே உபகரணங்களோடு என்ன விலைக்குப் போகிறது என்று விற்பவரின் பழைய இன்வாய்ஸ்களையும் வேறு இரண்டு விற்பனையாளர்களின் விலையையும் வைத்து அவர் கணக்கிட்டிருந்தார். அறிக்கை என்றால் இப்படிக் காரணம் சொல்ல வேண்டும். "எங்கள் கருத்தில் மதிப்பு இவ்வளவு" என்று ஒரே பத்தியில் முடித்த அறிக்கை ஆடிட்டர் மேசையில் நிற்காது. பங்கின் விலை 45 ரூபாய் என்று மற்ற அறிக்கை வந்தது. 36 லட்சத்தை 45-ஆல் வகுத்தால் சரியாக 80,000 பங்குகள். இப்படி மீதமில்லாமல் வருவது அபூர்வம். பின்னம் வந்தால் பங்கு எண்ணிக்கையைக் கீழே முழு எண்ணாக்கி, மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுவதே சுத்தம்.

விற்பவர் நடுவில் ஒரு பேரம் வைத்தார்: "என் கொட்டேஷன் 40 லட்சம். அதற்கு ஈடாக 85,000 பங்காவது கொடுங்கள்." சின்ன வேறுபாடு போலத் தெரியும். ஆனால் 36 லட்சத்துக்கு 85,000 பங்கு கொடுத்தால் பங்கு ஒன்றுக்குக் கிடைப்பது 42 ரூபாய் 35 பைசா. மதிப்பீட்டாளர் சொன்னது 45. இப்படிக் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் பங்கு தரும் முன்னுரிமை ஒதுக்கீட்டில் பங்கின் விலை அறிக்கை விலைக்குக் கீழே போகக்கூடாது என்று பங்கு மூலதன விதிகளின் 13-ஆம் விதி சொல்கிறது. அவருக்குக் கூடுதல் பங்கு வேண்டுமென்றால் அதற்குக் கூடுதல் மதிப்பு உள்ளே வந்தாக வேண்டும். கூடுதல் கருவித் தொகுப்போ நீட்டித்த பராமரிப்போ தந்தால் அதைத் தனியாக மதிப்பிடலாம் என்றோம். அவர் 80,000-க்கே ஒத்துக்கொண்டார்.

எந்த மதிப்பை அடிப்படையாக வைப்பது என்பதில் இரண்டு கணக்கியல் தரங்களும் வேறு வேறு பக்கத்திலிருந்து வருகின்றன. இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் நிறுவனமென்றால் இண்ட் ஏ.எஸ். 102: உள்ளே வந்த பொருளின் நியாய மதிப்பை, அது கைக்கு வந்த நாளில் அளந்து பதிய வேண்டும். அதை நம்பகமாக அளக்க முடியாதபோதுதான் பங்கின் மதிப்புக்குப் போகலாம். பழைய ஏ.எஸ். பின்பற்றும் நிறுவனமென்றால் ஏ.எஸ். 10: விலை என்பது கொடுத்த பிரதிபலனின் நியாய மதிப்பு. ஆனால் சந்தையில் விற்காத பங்கின் மதிப்பு என்பது வருங்கால லாப அனுமானங்களின் மேல் நிற்பது. சந்தையில் விலை உள்ள இயந்திரத்தின் மதிப்பே உறுதியான சாட்சி. இரு தரப்பும் உறவினர் இல்லாமல், நேர்மையாகப் பேரம் பேசியிருந்தால் இரண்டும் ஒரே எண்ணில் வந்து சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஏதோ ஒரு அறிக்கை தப்பு என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

காகித வேலையில் வரிசைதான் முக்கியம். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 50 லட்சம். அது முழுவதும் 5 லட்சம் பங்குகளாக ஏற்கெனவே வெளியிடப்பட்டுவிட்டது. ஆக முதலில் அதை 60 லட்சமாக உயர்த்தி, அந்த உயர்வைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் SH-7 படிவம் தாக்கல். இங்கே முக மதிப்பு 8 லட்சத்துக்குத்தான் இடம் வேண்டும். முக மதிப்புக்கு மேலான பிரீமியம் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைத் தொடாது. 36 லட்சத்துக்கும் மூலதனத்தை உயர்த்தி, தேவையில்லாத கட்டணம் கட்டியவர்களும் உண்டு.

பிறகு பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம், அதைப் பதிவாளரிடம் சேர்க்கும் MGT-14 படிவம் தாக்கல், அதன் பின்னரே விற்பவர் பெயருக்கு PAS-4 சலுகைக் கடிதம். தீர்மானம் பதிவாளரிடம் தாக்கலாவதற்கு முன் கடிதம் போகக்கூடாது. இந்தத் தேதிகள் தலைகீழாக இருந்தால் பின்னர் திருத்த வழியில்லை. தீர்மானம் போட்ட 12 மாதத்துக்குள் ஒதுக்கீடு முடிய வேண்டும். இயந்திரம் வர தாமதமாகிற ஆர்டரென்றால் இதை முன்கூட்டியே கணக்கு வையுங்கள். சிறு நிறுவனம் அல்லாத பிரைவேட் நிறுவனங்கள் இப்போது டீமேட்டாகத்தான் பங்கு வெளியிட வேண்டும். அதனால் விற்பவரின் டீமேட் கணக்கை முதல் வாரமே கேட்டு வாங்கினோம். முத்திரைத் தீர்வை வெளியீட்டு மதிப்பில் 0.005 சதவீதம். பிரீமியத்தையும் சேர்த்து 36 லட்சத்துக்கு 180 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் 8 லட்சத்துக்கு மட்டும் கட்டினால் குறை.

ஒதுக்கீடு நடந்த 15 நாளுக்குள் PAS-3. ரொக்கமில்லாத ஒதுக்கீட்டுக்கு அதோடு இரண்டு ஆவணங்கள் கூடுதலாகப் போக வேண்டும்: முத்திரையிட்ட ஒப்பந்தம், இயந்திர மதிப்பீட்டு அறிக்கை. ஒப்பந்தத்தில் முத்திரைத்தாளின் தேதி ஒதுக்கீட்டுத் தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். தாமதமானால் நாளுக்கு 1,000 ரூபாய் அபராதம், 25 லட்சம் வரை ஏறும்.

ஜி.எஸ்.டி.யை ஆரம்பத்திலேயே தனியாகப் பேசிவிட வேண்டும். விற்பவர் பங்கு வாங்கிக்கொண்டாலும் அரசுக்கு வரியைப் பணமாகத்தான் கட்டியாக வேண்டும். 36 லட்சத்துக்கு 18 சதவீதம், அதாவது 6,48,000 ரூபாய். இதையும் பங்காகவே வாங்கிக்கொள்வதாக முதலில் சொன்னவர், கட்ட வேண்டிய மாதம் நெருங்கியதும் பணமாகக் கேட்டார். பணமாகக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது. இன்வாய்ஸும் 40 லட்சத்துக்கு இல்லாமல் 36 லட்சத்துக்கு வந்தது. பணமில்லாத பிரதிபலனுக்கு வரி சந்தை மதிப்பின் மேல் விழுகிறது. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் தொகை இயந்திரத்தின் விலையில் ஏறக்கூடாது; ஏற்றித் தேய்மானமும் எடுத்தால் அந்த வரவு போய்விடும்.

இயந்திரம் இறங்கிய நாளின் பதிவு இப்படி:

இயந்திரம் கணக்கு, பற்று 36,00,000
உள்ளீட்டு ஜி.எஸ்.டி., பற்று 6,48,000
பங்கு மூலதனம், வரவு 8,00,000
செக்யூரிட்டீஸ் பிரீமியம், வரவு 28,00,000
விற்பவர் கணக்கு (ஜி.எஸ்.டி.), வரவு 6,48,000

பிரீமியம் 80,000 பங்குகளுக்கு 35 ரூபாய் வீதம் 28 லட்சம். பங்கை ரொக்கத்துக்குக் கொடுத்தாலும் வேறு எதற்குக் கொடுத்தாலும் முக மதிப்புக்கு மேலான தொகை பிரீமியக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் 2013-ன் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பொதுக் கையிருப்பில் போடுவதோ, லாபமாகக் காட்டுவதோ கிடையாது. பங்கு வெளியீட்டுச் செலவை அந்தக் கணக்கில் கழிக்கலாம். பங்கு மதிப்பீட்டாளர் கட்டணமும் 180 ரூபாயும் அங்கே போயின. லாரி வாடகை 45,000, அஸ்திவாரமும் நிறுவலும் 85,000 என ரொக்கமாகச் செலவானது இயந்திரத்தில் ஏறியது. தேய்மானத்துக்கு எடுத்த விலை 37,30,000 ரூபாய்.

இயந்திரம் இந்த மாதம் வந்து, ஒதுக்கீடு அடுத்த மாதம் நடந்தால், வரவு நேராக மூலதனத்துக்குப் போகாது. நடுவில் "ஒதுக்கீடு நிலுவையிலுள்ள பங்கு" என்ற தலைப்பில் நிற்க வேண்டும். தலைகீழாக, இயந்திரம் வராமல் பங்கை ஒதுக்குவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. விற்பவர் கடைசியில் வேறு மாடலை அனுப்பினால் திரும்ப வாங்க முடியாத பங்கு வெளியே நிற்கும்.

வேறொரு சூழ்நிலையை இதோடு குழப்பாதீர்கள். கடனுக்கு வாங்கி ஏற்கெனவே கணக்கில் ஏறிய இயந்திரத்தின் பாக்கிக்குப் பின்னாளில் பங்கு கொடுத்தால் அது கடன் தீர்ப்பு. இயந்திரத்தின் விலையைத் திரும்பத் தொடக்கூடாது. இண்ட் ஏ.எஸ். நிறுவனமென்றால் பாக்கிக்கும் பங்கின் நியாய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

ஆண்டு முடிவில் தப்பு தென்படும் இடம் பணப்பாய்வு அறிக்கை. கணக்கு மென்பொருள் இருப்புநிலைக் குறிப்பின் வித்தியாசத்தை எடுத்து "இயந்திரம் வாங்கியது 36 லட்சம்", "பங்கு வெளியீட்டில் வந்தது 36 லட்சம்" என்று இரண்டு வரிகளைப் போட்டுவிட்டது. கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஆடிட்டர் வங்கி அறிக்கையோடு வைத்துப் பார்த்ததும் பிடிபட்டது. பணம் நகராத பரிவர்த்தனை இரண்டு இடத்திலும் வரக்கூடாது, குறிப்பில் மட்டும் சொல்ல வேண்டும். பங்கு மூலதனக் குறிப்பிலும் ரொக்கம் பெறாமல் ஒதுக்கிய பங்குகளின் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து காட்ட வேண்டும். அடுத்த ஆண்டே இந்த வரி காணாமல் போவது வழக்கம்.

கடைசியில் பங்கு வீதம். 5,80,000-ல் 80,000 என்பது 13.8 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டிய பங்குதாரர் அசாதாரணப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லலாம், நிர்வாகச் சீர்கேடென்று தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இயக்குநர்கள் இதை முதலில் கவனிக்கவில்லை. 80,000 பங்கு என்று பேசும்போது அது ஒரு விலை போலத்தான் ஒலித்தது. கூட்ட அறிவிப்பு போவதற்கு முன்னால் சொன்னோம். அவர்கள் ஒரு வாரம் யோசித்து, பங்கை வெளியாருக்கு விற்கும் முன் தங்களுக்குக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலும் சங்க விதிகளிலும் சேர்த்த பிறகே கையெழுத்திட்டார்கள்.