சப்போட்டா ஒட்டுக்கன்றில் அடித்துளிர், ஒட்டுப் பகுதிக் கோளாறு: படங்களை வைத்துக் கண்டுபிடித்த பதிவு

மரம்: கிரிக்கெட் பால் ரகச் சப்போட்டா, நட்டு மூன்று ஆண்டுகள். செம்மண், வீட்டுத் தோட்டம். தமிழ்நாட்டில் விற்கும் பெரும்பாலான சப்போட்டா ஒட்டுகளைப் போல இதுவும் பாலை மரக் கன்றை வேர்ச்செடியாக, அதாவது வேர் தரும் அடிச்செடியாக வைத்து, நெருக்கு ஒட்டு முறையில் கட்டியது. மரத்தை வளர்ப்பவர்கள் படங்களோடு அனுப்பிய புகார் இரண்டு. மரம் மேலே வளராமல் இலை வெளுத்து நிற்கிறது. அடியில் துளிர் வந்துகொண்டே இருக்கிறது, வெட்ட வெட்ட இன்னும் அதிகமாக வருகிறது.

இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். நுனி மொட்டுகளிலிருந்து இறங்கிவரும் வளர்ச்சி ஊக்கி கீழே உறங்கும் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. ஒட்டுப் பகுதியில் அந்த இறக்கம் தடைபட்டால் கீழ்மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. அடித்துளிர் எப்போதாவது ஒன்று வருவது சாதாரணம். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஒட்டுப் பகுதியைச் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் வந்த படங்கள்

முழு மரத்தைத் தூரத்தில் நின்று எடுத்த படங்கள் ஐந்தாறு வந்தன. தண்டின் அடி நிழலில் கறுத்துக் கிடந்ததால் அவற்றிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. மறுபடி எடுக்கக் கேட்டவை இவை:

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தண்டை மட்டும், நான்கு பக்கமும் ஒவ்வொரு படம். கைபேசியைத் தண்டின் உயரத்துக்கே இறக்கிப் பிடிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து எடுத்தால் ஒட்டின் சாய்வு தெரியாது. தண்டோடு ஒட்டி ஒரு 15 செ.மீ. அளவுகோல். நேரம் காலை, வெயில் பக்கவாட்டில் விழும்போது. அப்போதுதான் பள்ளமும் மேடும் நிழல் போட்டுத் தனியாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் அமைப்பும் வேண்டாம். பல கைபேசிகள் தண்டின் ஓரத்தையும் சேர்த்தே மங்கலாக்கிவிடுகின்றன.

எடுப்பதற்கு முன் தண்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சப்போட்டாவில் இது அவசியம். சின்னக் கீறலிலும் பால் வடிந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும், படத்தில் அது பூசணம் போலவே தோன்றும்.

அதன் பிறகு மண். தண்டைச் சுற்றி மேல்மண்ணைக் கையால் விலக்கி, முதல் வேர் தெரியும் வரை போய் ஒரு படம். இந்த மரத்தில் சுமார் 10 செ.மீ. மண் ஏறியிருந்தது. பாத்தி கட்டும்போதெல்லாம் அடிக்கு இழுத்த மண்தான். ஒட்டுப் பகுதி தரையிலிருந்து 15 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். இங்கே ஒட்டின் கீழ்நுனி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இலையை வைத்து இனம் பிரித்தது

ஒவ்வொரு துளிரிலிருந்தும் முற்றிய இலைகள் ஐந்து, மேலே உள்ள நல்ல கிளையிலிருந்து ஐந்து. வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, அளவுகோலோடு ஒரே படத்தில் எடுக்கச் சொன்னோம். பக்கத்தில் பக்கமாக வைத்தால் வேறுபாடு தானாகவே தெரிகிறது.

பாலை இலை கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். அகலம் நுனிக்குச் சற்றுக் கீழே அதிகம், அடிப்பக்கம் குறுகும். நுனி வட்டமாக முடிந்து நடுவில் சிறிய வெட்டு விழுந்திருக்கும். சப்போட்டா இலைக்கு அகலம் நடுவில். இரு முனையும் ஒடுங்கும். இலைகள் கிளை நுனியில் கொத்தாகச் சேர்ந்து நிற்கும்.

நுனி வெட்டை மட்டும் நம்பக் கூடாது. சப்போட்டாவிலும் சில இலைகளின் நுனி மழுங்கி லேசாக உள்வாங்கியிருக்கும், பூச்சி கடித்ததும் அப்படியே தெரியும். அகலம் எங்கே அதிகம் என்பதுதான் உறுதியான அடையாளம். இளந்துளிரின் இலையை வைத்தும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, இலை முற்றட்டும். பால் வடிகிறதா என்று கிள்ளிப் பார்ப்பதால் இங்கே பயன் இல்லை: இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் பால் உண்டு.

'ஒட்டுக்குக் கீழே எல்லாம் வேர்ச்செடி' என்பது இங்கே தவறும்

இந்த மரத்தின் படங்களில் மூன்று துளிர்கள் இருந்தன. இவற்றைப் புரிந்துகொள்ள, நெருக்கு ஒட்டு கட்டும் விதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலைக் கன்றையும், தாய்மரத்தில் இருக்கும் சப்போட்டாக் கிளையையும் பக்கவாட்டில் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். கூடிய பிறகு, பாலையின் தலையை ஒட்டுக்கு மேலே வெட்டுகிறார்கள். சப்போட்டாவை ஒட்டுக்குக் கீழே வெட்டித் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். ஆகவே ஒட்டு ஒரு வளையம் அல்ல, பல சென்டிமீட்டர் நீளத் தையல். அதன் மேல்முனையில் ஒரு பக்கம் பாலையின் வெட்டுக் கட்டை, கீழ்முனையில் எதிர்ப்பக்கம் சப்போட்டாவின் வெட்டுக் கட்டை. இந்த மரத்தில் தையல் சுமார் 6 செ.மீ.

முதல் துளிர் மண்ணுக்குள்ளிருந்து வந்தது, இலை பாலை. சந்தேகம் இல்லை.

இரண்டாவது, தையலின் கீழ்முனையில் இருந்தது. ஒட்டுக்குக் கீழே என்பதால் வேர்ச்செடி என்று பெயர் வாங்கியிருந்தது. இலையோ சுத்தமான சப்போட்டா. அது சப்போட்டாவின் வால் கட்டையிலிருந்து வந்த துளிர்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தையலின் மேல்முனையில், நல்ல கிளைகளுக்குச் சமமான உயரத்தில் செங்குத்தாக நின்றது. 'ஒட்டுக்கு மேலே வந்த கிளை' என்று அதை விட்டுவைத்திருந்தார்கள். இலைப் படத்தில் அது பாலை. தலை வெட்டிய கட்டையில் தப்பிய மொட்டு அது. விட்டிருந்தால் சில ஆண்டுகளில் மரத்தின் பாதி பாலையாகி, சின்ன மஞ்சள் பழம் காய்த்திருக்கும். பாலைப்பழம் தின்ன நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடம் கொடுத்தது சப்போட்டாவுக்கு.

அதனால் உயரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், துளிர் எந்த முகத்திலிருந்து கிளம்புகிறது என்று அடிவரை தொடர்ந்து பார்க்க வேண்டும், பிறகு இலையால் உறுதி செய்ய வேண்டும். நெருக்கு ஒட்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே தேவை.

ஒட்டுப் பகுதியில் தெரிந்தது

பக்கவெயிலில் எடுத்த படத்தில் தையலின் நடுவே குறுக்காக ஒரு பள்ளம், அதற்கு மேலே புடைப்பு. நூல் சுற்றி அளந்ததில் பள்ளத்துக்கு மேலே சுற்றளவு 15.5 செ.மீ., பள்ளத்தில் 10.5, கீழே 13. பெரிதாக்கிப் பார்த்தால் பட்டையின் இடையே பளபளக்கும் ஒரு கோடு: நர்சரியில் கட்டிய பாலித்தீன் நாடா, எடுக்காமல் விட்டது.

மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடப் பருத்திருப்பதே குற்றம் அல்ல. இரு இனங்கள் ஒரே வேகத்தில் பருப்பதில்லை. தோள் போலச் சீராக இறங்கும் படிக்கட்டு பல ஒட்டுகளில் உண்டு, மரம் நன்றாகவே காய்க்கும். கவலைக்குரியது, மேலும் கீழும் தடித்து நடுவில் மட்டும் இறுகுவது. இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. நாடா அந்த வழியை நெரிக்கும்போது உணவு மேலே தேங்கிப் புடைக்கிறது, கீழே வேர் பட்டினி கிடக்கிறது. இலை வெளுப்பது அதன் விளைவு. இப்படிப்பட்ட மரம் சில சமயம் வயதுக்கு மீறிப் பூத்துத் தள்ளும், அதை நல்ல அறிகுறி என்று எண்ணக் கூடாது.

இணைப்பே கூடவில்லையா என்று பார்க்க இரண்டு படங்கள் போதும். தையலை நெருக்கத்தில் ஒரு படம், பிறகு மார்பளவு உயரத்தில் தண்டை ஒருவர் மெதுவாகத் தள்ளிப் பிடித்திருக்கையில் அதே இடத்திலிருந்து இன்னொன்று. மாற்றி மாற்றிப் பார்த்தால், கூடாத ஒட்டில் தையல் கோடு திறந்து மூடும். அங்கே தாள் நுழையும் அளவு இடைவெளி, கறுத்த பட்டை, பொடி உதிர்தல் இருந்தால் எந்தக் காற்றிலும் முறியலாம். இந்த மரத்தில் கோடு அசையவில்லை. நகத்தால் சுரண்டியபோது பள்ளத்துக்கு மேலும் கீழும் பச்சை தெரிந்தது. எனவே பிழைக்கும் மரம்.

செய்தது

ஒட்டுக்கு மேலே, இரு மூங்கில் கழிகளுக்கு இடையே தண்டைத் துணியால் எட்டு வடிவில் கட்டினார்கள். நாடாவை எடுத்த பிறகு இறுகிய இடம் வலுவில்லாமல் இருக்கும், ஆதலால் இது முதலில்.

நாடாவை நெடுக்குவாக்கில் கத்தி நுனியால் மூன்று இடங்களில் கீறி, துண்டு துண்டாக எடுத்தது. பட்டை மூடிக்கொண்ட துண்டுகளைத் தோண்டவில்லை. வளையம் அறுந்தாலே நெரிப்பு போய்விடும், தோண்டினால் மிச்சமிருக்கும் பட்டையும் போய்விடும்.

துளிர்களைக் கத்தரித்துக் கட்டை விட்டதுதான் அவை பெருகக் காரணம். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் மொட்டுகள் இருக்கின்றன, ஒன்றை வெட்டினால் இரண்டு மூன்று எழும். பச்சையாக இருக்கும்போதே பக்கவாட்டில் இழுத்து அடியோடு பிய்த்தால் அந்த மொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். இங்கே மண்ணடித் துளிரைக் கிளம்பும் இடம் வரை மண் விலக்கிப் பிய்த்தார்கள். மேல்முனைப் பாலைத் துளிர் முற்றிவிட்டதால் கூரான கத்தியால் கட்டையோடு தண்டுக்குச் சமமாகச் சீவினார்கள். சப்போட்டா வால் துளிரும் போனது. இனம் சரி என்றாலும் அவ்வளவு தாழ்வில், ஒரு கட்டையில் தொங்கும் கிளையால் பயன் இல்லை. துளிருக்குக் களைக்கொல்லி அடிக்கும் யோசனை வந்தது, வேண்டாம் என்று தடுத்தோம். அது இதே வேருக்குத்தான் போகும்.

வெட்டுகளுக்குப் போர்டோ பசை: மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் மொத்தம் 1 லிட்டர். பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியாக அரை லிட்டரில் கரைத்து, ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். சுத்தமான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் நனைத்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே பூசிவிட வேண்டும்.

ஏறிய மண்ணை விலக்கிப் பழைய மட்டத்துக்கு இறக்கி, பாத்தியைத் தண்டிலிருந்து தள்ளி அமைத்தார்கள்.

மழைக்குப் பின் வந்த படங்கள்

அதே இடம், அதே அளவுகோல். பள்ளத்தின் இரு விளிம்பிலும் வெளிர்நிறப் புதுப்பட்டை உருண்டு வந்திருக்கிறது. சுற்றளவு 10.5 இலிருந்து 12. நுனி இலைகளில் பச்சை திரும்பியிருக்கிறது. மண்ணடியில் ஒரு பாலைத் துளிர் மட்டும் விரல் நீளத்தில் வந்து, பிய்க்கப்பட்டது. மேல்முனைச் சீவலில் எதுவும் எழவில்லை.

நாடா சுற்றளவு முழுவதும் பட்டையைக் கொன்றிருந்தால் வழி வேறு. அப்போது மண்ணடிப் பாலைத் துளிரை அழிக்காமல் வளர்த்து, அதன் நுனியைச் சீவி, பள்ளத்துக்கு மேலே சப்போட்டாப் பட்டையில் செருகிக் கட்டிப் பாலம் போடலாம். ஆகவே துளிரைப் பிய்க்கும் முன்பே ஒட்டுப் பகுதியைப் பார்த்துவிட வேண்டும்.

இலை முறை எல்லா மரத்துக்கும் உதவாது. மூவிலை எலுமிச்சையில் கட்டிய ஆரஞ்சில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலை தெரிந்தாலே முடிந்தது, அது வேர்ச்செடி. மாங்கன்றில் கட்டிய மாவில் இரண்டும் மா இலைதான். அங்கே துளிர் எந்த முகத்திலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டுமே நம்ப முடியும், ஆகவே ஒட்டின் தழும்பு மறையும் முன் நான்கு பக்கப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.