பாபநாசத்திலிருந்து திருவாரூருக்கு: கால அட்டவணைப் படத்தை வைத்து இணைப்பு ரயில் கண்டுபிடிக்கும் கணக்கு

போட்டித் தேர்வில் ரயில் கால அட்டவணையைப் படமாகக் கொடுத்து மூன்று விதமாகக் கேட்பார்கள்: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பயணம் மொத்தம் எவ்வளவு நேரம், எந்த வண்டியைப் பிடித்தால் முதலில் போய்ச் சேரலாம். மூன்றிலும் செய்வது கழித்தல்தான். ஆனால் படத்தில் எந்தெந்தக் கட்டத்தை எடுத்துக் கழிப்பது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஊர்களும் பாதையும் உண்மை. நேரங்கள் பயிற்சிக்காக அமைத்தவை, இதை நம்பி யாரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

முதல் அட்டவணை, தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை ('வ' என்றால் வருகை, 'பு' என்றால் புறப்பாடு):

| ஸ்டேஷன் | | வண்டி 1 | வண்டி 2 | வண்டி 3 |
|---|---|---|---|---|
| தஞ்சாவூர் | பு | 06:10 | 06:32 | 07:40 |
| பாபநாசம் | பு | 06:38 | .... | 08:05 |
| கும்பகோணம் | வ | 06:55 | 07:03 | 08:20 |
| கும்பகோணம் | பு | 07:12 | 07:05 | 08:22 |
| மயிலாடுதுறை | வ | 07:58 | 07:36 | 09:02 |

இரண்டாவது, மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வரை:

| ஸ்டேஷன் | | வண்டி அ | வண்டி ஆ | வண்டி இ |
|---|---|---|---|---|
| மயிலாடுதுறை | பு | 07:50 | 08:05 | 09:15 |
| பேரளம் | வ | 08:14 | .... | 09:37 |
| பேரளம் | பு | 08:30 | .... | 09:39 |
| திருவாரூர் | வ | 09:02 | 08:45 | 10:10 |

கேள்வி: ஒருவர் காலை 6:30 மணிக்குப் பாபநாசம் ஸ்டேஷனில் இருக்கிறார். வண்டி மாறக் குறைந்தது 10 நிமிடம் வேண்டும். திருவாரூருக்கு அவர் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர முடியும்? வழியில் எவ்வளவு நேரம் காத்திருப்பார்?

கணக்கில் இறங்குமுன் படத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரலிலும் மேலிருந்து கீழே வரவர நேரம் கூடிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் ஒன்று நடுவில் நள்ளிரவு வந்திருக்கிறது, அல்லது மங்கலான படத்தில் 3-ஐ 8 என்றோ 5-ஐ 6 என்றோ படித்திருக்கிறீர்கள், அல்லது கண் பக்கத்து நிரலுக்குத் தாவியிருக்கிறது. நிரல் முழுவதுமே கீழே வரவரக் குறைந்தால், அது எதிர்த்திசை வண்டி. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒரே ஊர்ப் பட்டியலை நடுவில் வைத்து இரு திசைக்கும் நேரம் போடும் பழைய வழக்கம் அச்சு அட்டவணைகளில் உண்டு. ஊர்ப் பெயருக்குப் பதில் குறியீடு மட்டும் இருந்தால் TJ தஞ்சாவூர், PML பாபநாசம், KMU கும்பகோணம், TVR திருவாரூர். மயிலாடுதுறைக்கு இன்னும் மாயவரம் காலத்து MV தான்.

புள்ளிகள் இருக்கும் கட்டத்துக்கு 'அந்த வண்டி அங்கே நிற்காது' என்று பொருள். வண்டி 2 தஞ்சாவூரில் 06:32-க்குக் கிளம்பி கும்பகோணத்துக்கு 07:03-க்கு வருகிறது என்பதால் பாபநாசத்தை ஏறக்குறைய 06:50-க்குக் கடக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் அதில் ஏற முடியாது. கேள்வி பாபநாசத்தில் தொடங்குவதே இந்தப் பொறிக்காகத்தான்.

எனவே பாபநாசத்தில் ஏறக்கூடியவை வண்டி 1, வண்டி 3. முதலில் கிளம்புவது 1 என்பதால் பலரும் அதிலேயே மயிலாடுதுறை வரை உட்கார்ந்துவிடுகிறார்கள். 07:58-க்கு வந்து சேரும்போது வண்டி அ போய்விட்டது. வண்டி ஆ 08:05-க்கு, கையில் 7 நிமிடம்தான், நிபந்தனைப்படி அது கிடைக்காது. மிச்சம் 09:15 வண்டி. திருவாரூரில் 10:10. 'விடை 10:10' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

கும்பகோணத்தின் இரண்டு வரிகளையும் நிதானமாகப் பாருங்கள். வண்டி 1 அங்கே 06:55-க்கு வந்து 07:12-க்குத்தான் கிளம்புகிறது. பதினேழு நிமிடம் ஏன் நிற்கிறது? பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி இன்னொன்றை முந்த வேண்டுமென்றால் அது ஸ்டேஷனில்தான் நடக்கும். முந்தவிடும் வண்டி அங்கே ஒதுங்கி நிற்கும். படத்தில் ஒரு ஸ்டேஷனில் மட்டும் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான இடைவெளி தெரிந்தால், அதே நேரத்தில் அங்கே வேறு எந்த வண்டி நிற்கிறது என்று பக்கத்து நிரலைப் பாருங்கள். இங்கே வண்டி 2, 07:03-க்கு வந்து 07:05-க்குப் புறப்படுகிறது. 06:55-லிருந்து 07:05 வரை சரியாக 10 நிமிடம். 'குறைந்தது 10' என்றால் 10-ம் சேர்த்தி. '10-க்கு மேல்' என்று கேள்வியில் இருந்தால் இது போய்விடும். இந்த ஒரு சொல்லில் விடையே மாறும்.

ஆக, கும்பகோணத்தில் மாறினால் மயிலாடுதுறைக்கு 07:36. இப்போது வண்டி அ-வும் கிடைக்கிறது, ஆ-வும் கிடைக்கிறது. இங்கே இன்னொரு பொறி. முதலில் புறப்படும் இணைப்பு 07:50, ஆனால் அது பேரளத்தில் 16 நிமிடம் ஒதுங்கி நின்று திருவாரூருக்கு 09:02-க்குத்தான் போகிறது. 08:05-க்குக் கிளம்பும் ஆ, 08:45-க்கே போய்விடுகிறது. 'முதலில் சேர்வது' என்று கேட்டால் கடைசி ஊரின் வருகை வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வரியில் மிகச் சிறிய நேரம் 08:45. அந்த வண்டி ஏறும் இடத்தில் 08:05. பத்து நிமிடம் கழித்தால் 07:55. அதற்குள் மயிலாடுதுறை வந்து சேரும் வண்டி எது என்று முதல் அட்டவணைக்குப் போனால் வண்டி 2 மட்டும் நிற்கிறது. அதைப் பிடிக்கக் கும்பகோணத்தில் 06:55-க்குள் இருக்க வேண்டும். வண்டி 1 அதே நேரத்துக்கு வருகிறது. பின்னோக்கி வந்தால் ஒரே வழி தானாகத் தெரிகிறது. முன்னோக்கிப் போனால் எல்லாக் கிளைகளையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கும்பகோணத்தில் இறங்கி பஸ் பிடித்தால் ஆயிற்றே என்று டெல்டாக்காரர்களுக்குத் தோன்றும். தோன்றட்டும், படத்தில் இல்லாத வழிக்கு விடைத்தாளில் இடமில்லை.

காத்திருப்பை இப்போது எண்ணலாம். காத்திருப்பு என்பது ஒரு வண்டியின் வருகைக்கும் அடுத்த வண்டியின் புறப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி. கும்பகோணத்தில் 06:55 முதல் 07:05 வரை 10 நிமிடம், மயிலாடுதுறையில் 07:36 முதல் 08:05 வரை 29 நிமிடம், மொத்தம் 39. வண்டியில் உட்கார்ந்தபடியே நடு ஸ்டேஷனில் கழியும் நேரம் இதில் சேராது. அது பயண நேரத்துக்குள் அடங்கிவிடும். பாபநாசத்தில் 06:30 முதல் 06:38 வரை நிற்கும் 8 நிமிடத்தைச் சேர்ப்பதா? கேள்வி 'வழியில்' என்கிறது, அதனால் சேராது. 'மொத்தக் காத்திருப்பு' என்று மட்டும் இருந்திருந்தால் 47 ஆகியிருக்கும். விடைப் பட்டியலில் 39, 47 இரண்டும் இருந்தால் கேள்வியை மறுபடி படியுங்கள்.

பயண நேரம் முதல் புறப்பாட்டிலிருந்து கடைசி வருகை வரை: 06:38 முதல் 08:45. ஏழு மணி வரை 22, எட்டு மணி வரை 60, பிறகு 45. ஆக 127 நிமிடம், 2 மணி 7 நிமிடம். சரிபார்க்க, வண்டியில் ஓடிய நேரத்தைத் தனியே கூட்டுங்கள்: 17, 31, 40, மொத்தம் 88. அதோடு காத்திருப்பு 39 சேர்ந்தால் அதே 127.

நேரத்தைத் தசம எண்ணாக நினைத்துக் கழிப்பவர்களுக்கு இந்த விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும், 8.45-லிருந்து 6.38 போனால் 2.07. கடன் வாங்க வேண்டிய இடத்தில்தான் குட்டு வெளிப்படும். வண்டி 1-லேயே உட்கார்ந்து வந்தவருக்கு மயிலாடுதுறையில் காத்திருப்பு 07:58 முதல் 09:15 வரை, அதாவது 1 மணி 17 நிமிடம். தசமமாகக் கழித்தால் 1.57 வரும். மணியிலிருந்து கடன் வாங்கும்போது 60-க்குப் பதில் 100 வாங்கிவிட்டதால் சரியாக 40 நிமிடம் கூடிவிடுகிறது. வினா எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சரியான விடையைவிட 40 நிமிடம் கூடுதலான ஒரு விடை பட்டியலில் அடிக்கடி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, இதே படத்தில் 'மிகக் குறைந்த பயண நேரம் எது' என்று கேட்டால் விடை வேறு. வண்டி 3-ல் 08:05-க்கு ஏறி, மயிலாடுதுறையில் 09:02-க்கு இறங்கி, 13 நிமிடத்தில் வண்டி இ பிடித்தால் திருவாரூர் 10:10. மொத்தம் 2 மணி 5 நிமிடம். முதலில் போய்ச் சேரும் வழியைவிட இரண்டு நிமிடம் குறைவு, காத்திருப்பும் குறைவு, ஆனால் சேர்வது 85 நிமிடம் தாமதமாக. சீக்கிரம் சேர்வதும் குறைந்த நேரம் பயணிப்பதும் ஒன்றல்ல என்பதை ஒரே படத்தில் இரண்டு கேள்வியாகக் கேட்பது வழக்கம்.

இரவு வண்டிகளுக்கு ஒன்று மட்டும். 22:35-க்குக் கிளம்பி 04:10-க்குச் சேர்ந்தால், 24:00 வரை 1 மணி 25 நிமிடம், பிறகு 4 மணி 10 நிமிடம், மொத்தம் 5 மணி 35 நிமிடம். அடிக்குறிப்பில் 'செவ்வாய், வெள்ளி மட்டும்' என்பதுபோல் நாள் போட்டிருந்தால் அது பொதுவாக வண்டி முதலில் புறப்படும் ஸ்டேஷனின் நாள். வெள்ளி இரவு புறப்பட்ட வண்டி கும்பகோணத்துக்கு 00:20-க்கு வருமானால், கும்பகோணத்தில் ஏறுபவருக்கு அது சனிக்கிழமை. அந்த வண்டியோடு இணைப்பு பார்க்கும்போது, அடுத்த அட்டவணையில் சனிக்கிழமை ஓடும் வண்டிகளைத்தான் தேட வேண்டும்.