என் வாலட் யாரைக் கேட்டுப் பதில் சொல்கிறது?

நண்பர் ஒருவர் வாங்கிய கடனைக் கொஞ்சம் பிட்காயினாகத் திருப்பி அனுப்பினார். அவருடைய வாலட்டில் 12 கன்ஃபர்மேஷன் ஆகிவிட்டது. என் வாலட்டில் பணம் வந்ததற்கான சுவடே இல்லை. அட்ரஸை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கடைசியில் செட்டிங்ஸில் போய் வேறொரு சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். உடனே பணம் தெரிந்தது. முதல் சர்வர் எங்கோ பின்தங்கிக் கிடந்திருக்கிறது. அது சொன்னதைத்தான் என் வாலட் எனக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது.

முழு பிளாக்குகளை வைத்துக்கொள்ளாமல் சர்வரைக் கேட்டு ஓடும் என்னுடையது போன்ற லைட் வாலட் எதையுமே சரிபார்ப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட்டில் ஒரு ஹெட்டர் உண்டு. 9 லட்சம் பிளாக் என்றாலும் எல்லா ஹெட்டரும் சேர்ந்து 72 எம்பிதான், போனிலேயே அடங்கிவிடும். அதை வைத்து மைனிங் உழைப்பு உண்மையா என்று பார்க்கலாம். ஒரு பரிவர்த்தனை இந்த பிளாக்கில் இருக்கிறது என்று சர்வர் சொன்னால், ஹெட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மெர்க்கிள் சான்றைக் கேட்டு அதையும் உறுதி செய்யலாம். ஆனால் சர்வர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த சர்வரை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எனக்கு நடந்தது அதுதான். போதாததற்கு, என் அட்ரஸ்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதும் அந்த சர்வருக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, எல்லா பிளாக்கையும் இறக்கித் தானே சரிபார்க்கும் நோடு ஒன்றைச் சொந்தமாகப் போடலாம் என்று பழைய லேப்டாப்பில் பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவினேன். முதலில் சாதா ஹார்ட் டிஸ்க். பாதி வழிகூட வரவில்லை, ஆமை வேகம். நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு நெட்டில் இல்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையும் செலவழிக்கும் காசு நிஜமாகவே இருக்கிறதா, ஏற்கெனவே செலவாகிவிட்டதா என்று செலவாகாத காசுகளின் பட்டியலில் நோடு தேடிப் பார்க்கிறது. டிஸ்க்கில் இங்கும் அங்கும் ஓயாமல் தாவும் வேலை அது. 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, bitcoin.conf கோப்பில் இவற்றைச் சேர்த்தேன்:

```
server=1
dbcache=4000
assumevalid=0
```

`dbcache` அந்தப் பட்டியலில் பெரும்பகுதியை ராமில் வைத்துக்கொள்ளும். அதனால் வேகம் கூடியது, ஆனால் அதிலேயே அடியும் பட்டேன். இரவில் கரண்ட் போனது, பழைய லேப்டாப்பின் பேட்டரியோ செத்துப்போனது. டிஸ்க்கில் எழுதப்படாமல் ராமில் இருந்ததெல்லாம் போய், பல மணி நேர வேலையைத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. மறுநாளே யுபிஎஸ் வாங்கினேன்.

`assumevalid` பற்றி ஒரு வார்த்தை. இயல்பு அமைப்பில், மென்பொருளில் குறித்துவைத்த ஒரு பிளாக்குக்கு முந்தைய கையெழுத்துகளை நோடு சோதிக்காமல் தாண்டிப்போகும். மற்ற விதிகளை அப்போதும் பார்க்கும். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். எனக்குப் பிடிவாதம், 0 போட்டேன். ஆறு நாள் ஆனது.

இந்த ஆறு நாளில் என்னதான் சரிபார்த்தது? ஓர் உதாரணம். 2024 ஏப்ரலில் 840000ஆம் பிளாக்கிலிருந்து மைனருக்குப் புதுக் காசு 3.125 பிட்காயின், அதோடு அந்த பிளாக்கின் கட்டணங்கள். ஒரு மைனர் இதற்கு மேல் பிட்காயினின் மிகச் சிறிய அலகான ஒரு சதோஷி எடுத்தாலும் என் நோடு `bad-cb-amount` என்று சொல்லி பிளாக்கைத் தள்ளிவிடும். பின்னால் எவ்வளவு மைனிங் சக்தி நின்றாலும் சரி. ஹெட்டரை மட்டும் பார்க்கும் வாலட்டுக்கு இது தெரியவே தெரியாது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. 2015 ஜூலை 4 அன்று, கையெழுத்து வடிவத்தைக் கறாராக்கிய புது விதி அமலுக்கு வந்த கையோடு, ஒரு மைனர் பழைய பாணியில் ஒரு பிளாக் போட்டார். வேறு சில மைனர்கள் சோதிக்காமலேயே அதன் மேல் கட்ட, செல்லாத சங்கிலி ஆறு பிளாக் நீண்டது. புது விதி தெரிந்த ஃபுல் நோடுகள் ஏற்கவில்லை. லைட் வாலட்டுகளுக்கோ நீளமான சங்கிலிதான் உண்மை. வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் கூடுதலாகக் காத்திருங்கள் என்று அப்போது அறிவிப்பே போட்டார்கள்.

நோடு ஒருவழியாக முடிந்தது, `getblockchaininfo` கொடுத்தால் `initialblockdownload` என்பது `false`. அப்பாடா என்று வாலட்டைத் திறந்தால், அது இன்னமும் வெளி சர்வரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது! பக்கத்திலேயே நோடு ஓடினாலும் வாலட் தானாக அதைத் தேடிப் போகாது. கோரிடம் அட்ரஸ் வாரியான அட்டவணையும் கிடையாது. அதைத் தயாரிக்க electrs என்ற சிறு சர்வரை நடுவில் போடவேண்டும். அதற்கு முழு பிளாக்குகளும் தேவை, இடம் மிச்சம் பிடிக்கும் `prune` இங்கே உதவாது. அட்டவணை தயாரானதும் என் வாலட்டான எலக்ட்ரமை இப்படித் திறந்தேன்:

```
electrum --oneserver --server 127.0.0.1:50001:t
```

`--oneserver` இல்லாவிட்டால் மற்ற சர்வர்களுடனும் அது பேசும். சோதித்துப் பார்க்க electrs-ஐ நிறுத்தினேன். மூலையில் இருந்த பச்சை வட்டம் சிவப்பானது. மறுபடி ஓடவிட்டேன், பச்சை. நண்பர் அனுப்பிய தொகை அதே இடத்தில் இருந்தது.