எட்டு வளையமா, ஏழா

குறுவை அறுவடைக்கு முன்னால் மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் தள்ளும் ஸ்க்ரூ செய்தோம். வெளிவிட்டம் 200 மி.மீ., நடுவில் 2 இஞ்ச் பைப், ஒரு சுற்றில் பிளேடு நகரும் தூரமான பிட்ச் 200, மொத்தம் எட்டு பிட்ச். அப்போது மேஸ்திரி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பிளேடுக்குத் தகட்டை நடுவில் ஓட்டையுள்ள வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பைப்பில் சுருளாக இழுத்து, ஒன்றோடொன்று சேர்ப்போம். 2 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 60 மி.மீ. அதற்காகத் தகட்டு வளையத்திலும் 60 ஓட்டை போட்டால், இழுக்கும்போது பிட்ச் வருவதற்குள் சுருள் பைப்பைக் கவ்விக்கொள்ளும். பிளேடின் உள் ஓரம் பைப்பை ஒரு சுற்று சுற்றும்போதே 200 மி.மீ. ஏறவும் வேண்டும், அதனால் அதன் நீளம் பைப்பின் சுற்றளவைவிட அதிகம். வெளி ஓரத்துக்கும் அப்படியே. கீழே D வெளிவிட்டம், d பைப்பின் விட்டம், P பிட்ச்; L, l வெளி, உள் ஓரங்களின் நீளம்; b பிளேடின் அகலம்; R, r வளையத்தின் வெளி, உள் ஆரம்.

```
L = √((πD)² + P²) = 659.4
l = √((πd)² + P²) = 274.8
b = (D − d)/2 = 70
r = b·l/(L − l) = 50
R = r + b = 120
```

ஆக ஓட்டை 100, வளையம் 240. இந்த வளையத்தின் வெளிச்சுற்று 754, நமக்கு வேண்டியதோ 659.4. மிச்சம் சுமார் 45 டிகிரி, அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் ஒரு வளையத்துக்குச் சரியாக ஒரு பிட்ச். தகடு இழுபடும்போது ஓரங்கள் கொஞ்சம் நீளும் என்பதால் ஒன்றை மட்டும் முதலில் இழுத்துப் பார்த்தோம். பைப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் சந்து தெரிந்தால் ஓட்டை பெரிது, இறுகினால் சிறிது. சரியாகவே உட்கார்ந்தது.

அப்புறம்தான் மேஸ்திரி கேட்டார்: "அந்தத் துண்டை ஏன் தம்பி வெட்டி எறியணும்? ஒரு கீறல் மட்டும் போட்டு முழு வளையமா இழுத்தா ஏழுலயே எட்டு பிட்ச் வந்துடும்."

கணக்கு அவர் பக்கம்தான். எட்டு பிட்சுக்கு வெளி ஓரம் 5275, ஏழு முழு வளையம் 5278. ஆனால் கேஸ் கட்டிங்கில் ஒரு கீறலுக்கு 2 மி.மீ. போனாலும் மொத்தம் 14 போய்விடும், சுமார் 11 குறையும் என்றேன். "இழுக்கறப்ப அது வந்துடும்" என்றார். வரும்தான், பிட்ச் கொஞ்சம் கூடுதலாக இழுபடும், அவ்வளவுதான். நான் ஒத்துக்கொள்ளாமல் எட்டாகவே வெட்டச் சொன்னேன்.

என் காரணம் வேறு. துண்டை வெட்டினால் ஜாயிண்ட் எல்லாம் பைப்பில் ஒரே கோட்டில் வரும், நெல் விழும் இடத்தில் பிளேடு தேய்ந்தால் அந்த ஒரு பிட்சை மட்டும் அறுத்து மாற்றலாம். நெல் உமி தகட்டைத் தேய்க்கிற தேய்ப்பு ஆலைக்காரர்களுக்குத் தெரியும். அதே சமயம் முழு வளையமாக விட்டால் ஒரு ஜாயிண்ட் குறையும், வைக்கோல் துணுக்கு மாட்டும் இடமும் குறையும், ஒரு வளையத்துத் தகடும் மிச்சம். இதை அன்று நான் எடைபோடவே இல்லையோ என்று படுகிறது, ஆனால் ரிப்பேருக்கு வரப்போவது நாங்கள்தானே.

நெல் விழும் இரண்டு பிட்சை மட்டும் துண்டு வெட்டிப் போட்டு, மீதியை முழுசாக விடலாமா என்றும் பார்த்தேன். மீதி ஆறு பிட்சுக்கு ஐந்தேகால் வளையம் வருகிறது, கால் வளையத்துக்காக ஆறாவதையும் வெட்டித்தான் ஆக வேண்டும், மறுபடி எட்டு. மேஸ்திரியிடம் இதைக் காட்டவேண்டும்.