வேலைச் சந்தையில் முப்பத்தைந்து விநாடிகள்

சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த கிடங்கு மலேசியாவின் ஜோகூருக்கு மாற்றப்பட்டதால், மார்ச் மாத இறுதியில் பதினான்கு ஆண்டுப் பணி முடிவுக்கு வந்தது. அதற்கடுத்த ஏழாவது வாரம் சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் நடந்த வேலைச் சந்தைக்குப் போவதென்று முடிவு செய்தபோது, அங்கே ஒவ்வொரு நிறுவனத்தின் முகப்பிலும் நிற்கும் அதிகாரியிடம் பேசுவதற்கு ஓர் அறிமுகத்தை எழுதிக்கொண்டேன். எலிவேட்டர் பிட்ச் என்பார்கள். மின்தூக்கியில் கூட வருபவர் தம் தளத்தில் இறங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டிய அளவு அது. நான் எழுதியது ஆங்கிலத்தில் 214 சொற்கள் வந்தது. கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தால் ஒரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி ஓடியது.

எங்கள் புளோக்கில் ஏழாம் தளத்தில் இருக்கும் அக்கா ஒருவர், ஓய்வு பெறும்வரை நிறுவனங்களுக்கு ஆள் சேர்க்கும் பணியில் இருந்தவர். அவரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "தம்பி, அரை நிமிஷம் ஆச்சு. நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு எனக்கு இன்னும் தெரியலையே" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் முதலில் பெயரையும், அடுத்து படிப்பையும், பிறகு கிடங்கு மாறிய கதையையும் சொல்லி, அதற்கப்புறம்தான் வேலைக்கே வந்திருந்தேன். கேட்பவர் முதல் வாக்கியத்திலேயே, இவரை எந்தப் பணிக்குப் பார்க்கலாம் என்று மனத்தில் ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறார் என்றும், அந்த இடம் கிடைக்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் அவர் நினைவில் ஒட்டாது என்றும் அக்கா விளக்கினார். ஆட்குறைப்பை முதலில் சொன்னால் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே போகும். சொல்லாமல் விட்டால் ஏதோ மறைக்கிறார் என்று தோன்றும். ஆகவே அதை நடுவில் ஒரே வாக்கியமாக வைக்கச் சொன்னார்.

இரண்டாவதாக அவர் சுட்டிய குறைதான் எனக்குக் கடினமாக இருந்தது. நான் எழுதியிருந்த வாக்கியங்களில் எல்லாம் "நாங்கள்" என்றே இருந்தது. நாங்கள் சீர்செய்தோம், நாங்கள் குறைத்தோம் என்று எழுதுவதே பண்பு என்று வளர்ந்தவன் நான். தனியாக "நான்" என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் கேட்பவருக்கு அந்த "நாங்கள்" எந்தத் தகவலையும் தருவதில்லை. ஐந்து பேர் குழுவில் இவர் திட்டமிட்டவரா, கூட நின்றவரா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. யாருக்கும் உரிய பங்கைப் பறிக்காமல் உண்மையைச் சொல்ல ஒரு வழி கண்டோம். முறையை வகுத்தது நான், செயல்படுத்தியது ஐந்து பேர் என்று பிரித்துச் சொல்வதே அந்த வழி.

இப்படி வெட்டித் திருத்திய பேச்சு 78 சொற்களுக்கு வந்தது. நிதானமாகப் பேசினால் முப்பத்தைந்து விநாடி. அதைத் தமிழில் தருகிறேன்: "வணக்கம். நான் கிடங்கு இருப்புக் கட்டுப்பாட்டில் பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ளவன். கடைசியாக நான் பொறுப்பேற்றிருந்த கிடங்கில், மாதக் கணக்கெடுப்பில் 100 அடுக்குகளைப் பார்த்தால் 7 அடுக்குகளில் கணக்கும் பொருளும் பொருந்தவில்லை. அடுக்கில் வைக்கும்போதே ஸ்கேன் செய்யும் முறையை நான் வகுத்தேன். ஐந்து பேர் சேர்ந்து செயல்படுத்தி, எட்டு மாதத்தில் அதை 2-க்குக் கொண்டுவந்தோம். கிடங்கு ஜோகூருக்கு மாறியதால் மார்ச்சில் என் பணி முடிந்தது. இதே வேலையை மருந்துக் கிடங்கில் செய்ய விரும்புகிறேன்."

சந்தைக்குப் போன அன்று, நான் விரும்பிய நிறுவனத்தின் முகப்புக்கு முதலில் போகாமல், பழகுவதற்காக வேறொரு சரக்கு நிறுவனத்தின் வரிசையில் நின்றேன். மண்டபத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பும் கூட்டத்தின் இரைச்சலும் கலந்திருந்தன. வீட்டில் கண்ணாடி முன் பேசிய வேகத்தில் பேசியபோது அந்த அதிகாரி இரண்டு முறை "சாரி?" என்று கேட்டார். மனப்பாடம் செய்திருந்ததால், குறுக்கே கேள்வி வந்ததும் எந்த இடத்தில் விட்டேன் என்பது தெரியாமல் தடுமாறினேன். முடித்தபோது அவர் "நல்லது" என்று சொல்லி, மேசைமேல் இருந்த கியூஆர் குறியீட்டைக் காட்டினார். அவர் பார்வை எனக்குப் பின்னால் நின்றவரிடம் போய்விட்டது. என் பேச்சில் அவர் பதில் சொல்வதற்கு எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "செய்ய விரும்புகிறேன்" என்று நான் முடித்தால், அவருக்குச் சொல்ல மிஞ்சுவது விண்ணப்பியுங்கள் என்பது மட்டும்தானே.

மண்டப ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மாற்றங்கள் செய்தேன். முழு வாக்கியங்களை விட்டுவிட்டு, வரிசைச் சீட்டின் பின்புறம் ஐந்து சொற்களை மட்டும் எழுதினேன்: இருப்பு, ஏழு, இரண்டு, மார்ச், மருந்து. இந்த ஐந்தையும் தொட்டுச் சென்றால் போதும், இடையில் வரும் சொற்கள் மாறினால் மாறட்டும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்து, கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். அது அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். விடுப்பு, சம்பளம், இணையத்திலேயே கிடைக்கும் விவரம் ஆகியவை அதற்கு உதவா.

மருந்துகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கணக்கெடுப்பவர் குளிரறைக்குள் போக, வரக் கதவு திறக்கும். திறந்திருக்கும் நேரம் கூடினால் உள்ளே வெப்பம் ஏறும். சாதாரணக் கிடங்கில் மட்டுமே இருந்த எனக்கு, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது உண்மையாகவே தெரியாத விஷயம். ஆகவே மருந்து நிறுவனத்தின் முகப்பில் நின்ற அம்மையாரிடம், முன்னைவிட மெதுவாகப் பேசி, "உங்கள் குளிரறையில் கணக்கெடுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கும் நேரத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்?" என்று முடித்தேன்.

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். தமக்கு விவரமாகத் தெரியாது என்று சொல்லி, பின்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரை அழைத்தார். வந்தவர் அவர்களுடைய கிடங்கு மேற்பார்வையாளர். மொத்தமாக ஒரே நாளில் எண்ணாமல், தினமும் சில அடுக்குகளை மட்டும் எண்ணுவதாகவும், இரண்டு பேர் உள்ளேயே இருந்து எண்ணி முடித்த பிறகே கதவைத் திறப்பதாகவும் சொன்னார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: ஏழை இரண்டாக்க எட்டு மாதம் ஏன் பிடித்தது? முதல் மூன்று மாதம் பழைய கணக்கைத் திருத்துவதிலேயே போயிற்று என்றும், இரவு முறை ஊழியர்கள் கையுறையோடு ஸ்கேனரை அழுத்தச் சிரமப்பட்டார்கள் என்றும் சொன்னேன். முப்பத்தைந்து விநாடிப் பேச்சு ஏறத்தாழ பத்து நிமிட உரையாடலாகிவிட்டது.

அங்கிருந்து நகர்ந்ததும், அவர் சொன்னவற்றை அதே சீட்டில் குறித்துக்கொண்டேன். அன்றிரவே MyCareersFuture என்ற வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் அந்தப் பணிக்கு விண்ணப்பித்து, கடிதத்தின் முதல் வரியில் குளிரறைக் கதவு பற்றிப் பேசியதைக் குறிப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அழைப்பு வந்தது. பேசியவர் என் பெயரைச் சற்றுத் தவறாகத்தான் உச்சரித்தார். பிறகு, "கதவைப் பற்றிக் கேட்டவர் நீங்கள்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு நேர்காணலுக்கு நாள் சொன்னார். அங்கே சென்றபோது குளிரறைக்கு அழைத்துப் போய், கையுறை மாட்டிக்கொண்டு ஸ்கேன் செய்யச் சொன்னார்கள்.